ஸ்பாக் ஏன் சிரித்தார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளோடு பழைய ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். முதன்முதலில் வெள்ளோட்டமாக எடுத்த எபிசோடான ‘தி கேஜ்’ பைலட்டிலிருந்தே தொடங்கினோம். கேப்டன் வேறு ஆள், டாக்டர் வேறு ஆள். ஸ்பாக் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். “அப்பா, இவர் சிரிக்கவே மாட்டார்னு சொன்னீங்களே?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. டைரக்டர் கவனிக்காமல் விட்டுவிட்டாரா? கேப்டனாக வருபவருக்கு நடிப்பு வரவில்லை, அதனால்தான் தூக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் சீரியல்களில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று கார்டு போடுவார்களே, அது போலத்தானே இதுவும்? கேம் ஆஃப் த்ரோன்ஸிலும் இப்படி நடந்ததாமே? பைலட்டை விட்டுவிட்டு நேராகத் தொடருக்குப் போகலாமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

முதலில் உங்கள் மகளுக்கு என் அன்பு. சிரிப்பைக் கவனித்த கண் நல்ல கண். போன மாதம் நண்பர் ஒருவர் தன் வெப் சீரிஸ் பைலட்டைப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டார். அதிலிருந்து எனக்கும் இதே நினைப்புதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆனால் உங்களை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். “நடிப்பு வரவில்லை, தூக்கிவிட்டார்கள்” என்று எதை வைத்து எழுதினீர்கள்? கேப்டனாக வரும் ஜெஃப்ரி ஹண்டர் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தில் ஜான் வெய்னுக்கு ஈடுகொடுத்தவர். 1961இல் வந்த ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ படத்தில் இயேசுவாக நடித்தவர். அவரை யாரும் தூக்கவில்லை. இரண்டாவது பைலட் எடுக்கலாம் என்று முடிவானபோது, சினிமாவில் கவனம் செலுத்தப் போகிறேன் என்று அவரே விலகிக்கொண்டார். அந்த டைரக்டர் ராபர்ட் பட்லரும் தூங்கிக்கொண்டிருந்தவர் இல்லை. பிற்காலத்தில் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ உட்படப் பல தொடர்களின் பைலட்டை அவரை நம்பித்தான் கொடுத்தார்கள். ஒரு முகம் மாறியதும் பழைய முகத்துக்குத் திறமை இல்லை என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடம் வேரோடிப் போயிருக்கிறது. தயவுசெய்து அதை மகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

‘இவருக்குப் பதில் இவர்’ வேறு சங்கதி. அங்கே வீடுவீடாகப் பார்த்துப் பழகிய முகம் போய்ப் புதுமுகம் வருகிறது, அதனால் கார்டு போட்டே ஆக வேண்டும். பைலட்டைப் பார்ப்பவர்களோ ஓர் அறைக்குள் அடங்கிவிடுவார்கள். சேனல்காரர்கள் பார்த்து, தொடரை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்காக எடுப்பது அது. ‘தி கேஜ்’ 1964 நவம்பர் கடைசியில், கல்வர் சிட்டியில் இருந்த டெசிலு ஸ்டுடியோவில் தொடங்கியது. செலவு ஆறு லட்சம் டாலருக்கு மேல், அன்றைக்கு அது பெரிய தொகை. 1965 பிப்ரவரியில் என்பிசி சேனல் பார்த்தது, வேண்டாம் என்றது. மூளைக்கு மட்டும் வேலை கொடுக்கிறது, அடிதடி போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனாலும் உலகம் பிடித்திருந்ததால், வழக்கத்துக்கு மாறாக இன்னொரு பைலட் கேட்டார்கள். மூன்று கதைகளை எழுதவைத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 1965 ஜூலையில், முன்பு செலவான பணத்தில் ஏறக்குறைய பாதிக்கு எடுத்தார்கள். அதில்தான் வில்லியம் ஷாட்னர் கேப்டன் கிர்க்காக வந்தார்.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். டாலோஸ் 4 என்ற கிரகத்தில் நீல இலைச் செடி ஒன்று அதிர்ந்து பாடிக்கொண்டிருக்கிறது. கேப்டன் பைக்கும் ஸ்பாக்கும் இலையைப் பிடிக்கிறார்கள், சத்தம் நிற்கிறது. ஸ்பாக் கேப்டனைப் பார்த்துச் சிரிக்கிறார். இன்னொரு இடத்தில் பெண்கள் இருவர் கண்ணெதிரே மறையும்போது தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தக் கப்பலில் உணர்ச்சி காட்டாத ஆள் ஸ்பாக் இல்லை என்பதுதான் விஷயம். அந்த இடத்தில் ‘நம்பர் ஒன்’ என்ற பெண் அதிகாரி இருக்கிறார், மேஜல் பாரெட் நடித்தது. பனிக்கட்டி போன்ற அறிவு அவருடையது. முதல் பைலட்டோடு அந்தப் பாத்திரம் போயிற்று. ஏன் போயிற்று என்பதைச் சம்பந்தப்பட்டவர்களே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஆள் போனாலும் குணத்தை விட மனமில்லாமல், தொடரை உருவாக்கிய ராடன்பெரி அதை ஸ்பாக்கிடம் கொடுத்தார்.

இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோயே சொல்லியிருக்கிறார். ஹண்டரின் கேப்டன் உள்ளுக்குள் யோசிக்கிற மனிதர். தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். கேப்டன் அறையில் சோர்ந்து கிடப்பார், வயதான டாக்டர் மருந்துப் பெட்டியைத் திறந்து அதிலிருந்து மார்ட்டினி கலந்து கொடுப்பார், இந்த வேலையே வேண்டாம் என்று கேப்டன் புலம்புவார். நல்ல காட்சி அது. ஆனால் இவ்வளவு அடங்கிய கேப்டனுக்குப் பக்கத்தில் நிற்கும் அடுத்த ஆளும் அடங்கியிருந்தால் காட்சி செத்துவிடும். அதனால் நிமோய் வேகத்தைக் கூட்டினார், குரலை உயர்த்தினார். ஷாட்னர் வந்தபோது அவரே கை கால் முகம் எல்லாவற்றாலும் பேசுகிறவராக இருந்தார். இனி நிமோய் எதையும் தூக்கிப்பிடிக்கத் தேவையில்லை, அசையாமல் நின்றால் போதும். நமக்குத் தெரிந்த ஸ்பாக் பிறக்க ஷாட்னரின் துள்ளல் தேவைப்பட்டது. கேப்டனை மாற்றினார்கள், மாறியது ஸ்பாக்.

நடிகரை மாற்றுவது என்றால் பழைய சட்டத்தில் புதுப் படத்தைச் செருகுவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தயாரிப்பு அலுவலகத்தில் கணக்குப் போடுகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. ஒரு சமயம் சென்னையில் ஒரு சீரியல் பைலட்டுக்கு வசனம் எழுதினேன். அண்ணன், தங்கை, ஒரு பழைய வீடு. அண்ணனாக நடித்தவர் மெல்லிய குரல்காரர். தங்கை பொரிந்து தள்ளுவாள், அவர் “சரிம்மா” என்று ஒரே சொல்லில் முடிப்பார். அந்த “சரிம்மா”வில் வீடே தெரியும். சேனலில் பார்த்தார்கள், அண்ணன் இன்னும் கம்பீரமாக வேண்டும் என்றார்கள். தாடியும் கனத்த குரலுமாக ஒருவர் வந்தார், நல்ல நடிகர். அண்ணன் வரும் காட்சிகளை மட்டும் திரும்ப எடுத்தால் போதும், வசனத்தில் கைவைக்க வேண்டாம் என்று உத்தரவு. அதே “சரிம்மா”வை அவர் சொன்னபோது அதட்டுவது போல் கேட்டது. தங்கையின் பொரிதல் வாய்த்துடுக்காகத் தெரிந்தது. அந்தப் பெண் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, இருந்தும் அவள் பாத்திரம் கெட்டுப்போயிற்று. கடைசியில், தங்கை சரியில்லை, அவளையும் மாற்றலாம் என்றார்கள்! மேக்கப்பைக் கலைத்துக்கொண்டே அந்தப் பெண் என்னிடம் “நான் என்ன சார் தப்பா பண்ணேன்?” என்று கேட்டாள். ஒன்றும் தப்பில்லை, எதிரே நிற்பவர் மாறிவிட்டார் என்று சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

ஒரு நடிகரை மாற்றினால் அவரோடு நின்ற எல்லோரையும் திரும்ப எழுத வேண்டும், திரும்ப எடுக்க வேண்டும். ஸ்டார் ட்ரெக்கில் மிச்சம் வைக்காமல் செய்தார்கள், வேறு கதை, வேறு ஆட்கள். அப்போதும் ஒரே தாவலில் வந்துவிடவில்லை. இரண்டாவது பைலட்டைப் பாருங்கள். ஸ்பாக் தங்க நிறச் சட்டையில் இருப்பார், குரலில் அதட்டல் இன்னும் போகவில்லை. சுலு விஞ்ஞானி, கப்பலை ஓட்டுபவர் இல்லை. தகவல் தொடர்பு அதிகாரியான ஊரா கிடையாது. டாக்டர் மறுபடியும் வயதானவர், பால் ஃபிக்ஸ். வில்லன் கிர்க்குக்காகச் செய்யும் கல்லறைக் கல்லில் ‘JAMES R. KIRK’ என்று இருக்கும். பின்னால் அந்த எழுத்து T ஆகிவிட்டது. உங்கள் மகளிடம் சொல்லாதீர்கள், அவளே கண்டுபிடிக்கட்டும்.

டாக்டர் விஷயத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், விட மனம் வரவில்லை. முதல் பைலட்டின் ஜான் ஹாய்ட், இரண்டாவதன் பால் ஃபிக்ஸ் இருவருமே கேப்டனைவிட இருபது வயதுக்கும் மேல் மூத்தவர்கள். அப்பாவிடம் பேசுவது போல அவர்களிடம் பேசலாம், சண்டை போட முடியாது. தொடருக்கு டிஃபாரஸ்ட் கெல்லி வந்தார். ஷாட்னரைவிடப் பதினோரு வயது மூத்தவர், நண்பராக இருக்கக்கூடிய வயது. அவர் கோபப்பட்டுக் கத்தலாம், ஸ்பாக்கை வம்புக்கு இழுக்கலாம். ஒரு பக்கம் கொதிப்பவர், மறுபக்கம் கொதிக்காதவர், நடுவில் முடிவெடுக்க வேண்டியவர். அந்த முக்கோணம் இரண்டு பைலட்டிலும் இல்லை. அந்தத் தொடரே அதன்மேல்தான் நிற்கிறது. இதை உட்கார்ந்து யோசித்துக் காகிதத்தில் எழுதிவிட முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. ஆட்களை நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும், பைலட் எடுப்பதே அதற்குத்தான்.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் கேள்விக்குச் சுருக்கமாக: ஆமாம், நடந்தது. 2009இல் எடுத்த பைலட்டின் பெரும்பகுதியை அடுத்த ஆண்டு வேறு டைரக்டரை வைத்துத் திரும்ப எடுத்தார்கள், டெனேரிஸ், கேட்லின் இரண்டு வேடங்களுக்கும் புது நடிகைகள் வந்தார்கள். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, ஜெய்மியும் செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. அது புரியாவிட்டால், அவர்கள் நெருக்கமாக இருப்பதைப் பார்த்துவிட்ட சிறுவனை ஜன்னலிலிருந்து தள்ளிவிடும் கடைசிக் காட்சிக்கு அர்த்தமே இல்லை. எழுதியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால் விட்டுப்போன வரிகள் அவை. போன மாதம் பார்த்த நண்பரின் பைலட்டிலும் இதேதான் குறை, அவரிடம் சொல்லிவிட்டேன்.

பைலட்டை விட்டுவிடலாமா என்கிறீர்கள். விடாதீர்கள். ‘தி கேஜ்’ முடித்துவிட்டீர்கள், அடுத்து இரண்டாவது பைலட் ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’. ஒளிபரப்பில் அது மூன்றாவதாக வந்தது, ஆனால் படமாக்கப்பட்ட வரிசையிலேயே நீங்கள் பாருங்கள். அப்புறம் ‘தி கார்போமைட் மனூவர்’. வழக்கமான எபிசோடுகளில் முதலில் படமாக்கியது அதுதான், கெல்லியும் ஊராவும் அதில் வந்துவிடுவார்கள். எல்லோரும் பதறும் நேரத்தில் ஸ்பாக்குக்கு ஒரே ஒரு சொல், “ஃபாசினேட்டிங்”. பதறாமல், ஆர்வம் கொண்ட விஞ்ஞானியாக, தள்ளி நின்று சொல் என்று டைரக்டர் ஜோசஃப் சார்ஜன்ட் சொன்னாராம். ஸ்பாக் தனக்குப் பிடிபட்டது அந்த இடத்தில் என்று நிமோய் எழுதியிருக்கிறார்.

கடைசியாக ‘தி மெனாஜரி’, இரண்டு பாகம், 1966 நவம்பரில் வந்தது. எபிசோடுகள் நேரத்துக்குத் தயாராகாத நெருக்கடியில், யாரும் பார்க்காத ‘தி கேஜ்’ படச்சுருளை எடுத்து, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவமாக உள்ளே வைத்தார்கள். ஹண்டர் வரவில்லை. முகமெல்லாம் வெந்து, பேச முடியாமல் சக்கர நாற்காலியில் இருப்பவராக கேப்டன் பைக்கை மாற்றி, ஷான் கென்னி என்ற வேறு நடிகரை உட்காரவைத்தார்கள். அவருக்காக ஸ்பாக் சட்டத்தை மீறுகிறார், விசாரணையில் பழைய காட்சிகள் ஓடுகின்றன. பழைய ஸ்பாக் சிரிப்பதைச் சிரிக்காத ஸ்பாக் உட்கார்ந்து பார்க்கிறார். உங்கள் மகளின் கேள்விக்கு அவர்களே கதைக்குள் கொடுத்த பதில் அது. அவளுக்கு அந்தப் பதில் போதுமா என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.