அலுவலக நேரத்தைத் தளர்த்தக் கேட்டு மேனேஜ்மென்ட்டுக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: "சென்னையில் அக்கவுன்ட்ஸ் டீம், எட்டுப் பேர். எல்லோருக்கும் 9:30 முதல் 6:30 வரை. நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லிக் கேட்கப் போகிறோம். சோதனைக் காலம், அளவுகோல் எல்லாம் போட்டு எப்படி எழுதுவது?"

வெண்டர் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் டீமில் இருந்தபோது நாங்கள் இப்படி எழுதி அனுமதி வாங்கினோம். அதையே வைத்துச் சொல்கிறேன்.

"தளர்வான நேரம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், கூப்பிடும்போது ஆள் இருக்குமா என்ற கவலைதான் மேனேஜருக்கு முதலில் வரும். அந்தக் கவலைக்கு முதல் பத்தியிலேயே பதில் இருக்கட்டும். எங்கள் கடிதத்தில் இருந்தது இதுதான்:

"காலை 8 முதல் 10:30க்குள் வருவோம். வந்த நேரத்திலிருந்து, சாப்பாட்டு இடைவேளையையும் சேர்த்து, 9 மணி நேரம் இருப்போம். 10:30 முதல் 5 வரை எல்லோரும் இருப்போம். 9:30 முதல் 6:30 வரை எந்நேரமும் குறைந்தது இரண்டு பேர் சீட்டில் இருப்பார்கள். அடுத்த வாரம் யார் எப்போது வருவார் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் டீம் காலண்டரில் போட்டுவிடுவோம். மாதத்தின் கடைசி இரண்டு வேலை நாள்களில் அனைவருக்கும் பழைய நேரமே."

கடைசி வரியை நாங்களாகவே சேர்த்தோம். மாதக் கணக்கு முடிக்கிற நெருக்கடி மேனேஜருக்குத்தான் அதிகம். அவர் கேட்பதற்கு முன் அதைக் கொடுத்துவிடுவது நல்லது.

திங்கள் பத்து மணி நேரம், வெள்ளி ஆறு மணி நேரம் என்று மாற்றி வைக்க ஆசை வரும். அதை இப்போது கேட்காதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வேலை நேரத்துக்கு நாளொன்றுக்கு 8, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்திருக்கிறது. எச்.ஆர். உடனே ஓவர்டைம் கணக்கைப் பேச ஆரம்பித்துவிடும். அதேபோல, இரவு எட்டைத் தாண்டினால் கேப், பாதுகாப்பு என்று வேறு பேச்சு எழும். மொத்த நேரம் மாறாது, தொடங்கும் நேரம் மட்டும் நகர்கிறது என்றால் அவர்கள் ஒப்புக்கொள்வது சுலபம்.

அளவுகோலில்தான் நிறையக் கடிதங்கள் விழுகின்றன. "உற்பத்தித்திறன் கூடும்" என்று எழுதினால் யாராலும் அளக்க முடியாது. வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைவார்கள் என்பதும் வேண்டாம். எட்டுப் பேர் டீமில் மூன்று மாதத்தில் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சாஃப்ட்வேரில் ஏற்கெனவே பதிவாகிற எண்கள் போதும். நாங்கள் எடுத்தவை மூன்று: பில் வந்து ஒப்புதல் ஆக எத்தனை நாள், ஏழு நாளுக்கு மேல் தேங்கியவை எத்தனை, தவறு என்று திரும்பி வந்தவை எத்தனை.

நாள் கணக்கில் சராசரியை நம்பாதீர்கள். பத்து பில்லில் ஒன்பது மூன்று நாளில் முடிந்து, ஜி.எஸ்.டி. எண் தவறாக இருந்ததால் ஒன்று மட்டும் 33 நாள் நின்றால் சராசரி ஆறு நாள் ஆகிவிடும். வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்தால் மூன்று. ஆனால் நடு எண், தேங்கிக் கிடப்பவற்றை மறைத்துவிடும். அதற்காகத்தான் இரண்டாவது அளவு.

இந்த எண்களைக் கடந்த மூன்று மாதத்துக்கு முதலில் எடுத்து, மேனேஜரிடம் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு கடிதத்தில் போடுங்கள். சோதனை தொடங்கிய பிறகு பழைய கணக்கைத் தோண்டினால், உங்களுக்கு வசதியான மாதங்களைப் பொறுக்கினீர்கள் என்ற சந்தேகம் வரும்.

சோதனைக் காலம் 12 வாரம் கேளுங்கள், ஒரு மாதத்தின் கடைசி வாரத்தில் தொடங்கும்படி. ஒரு மாதத்தில் ஒரே ஒரு மாத முடிவுதான் வரும். அது நல்லபடியாகப் போனாலும் சொதப்பினாலும் தற்செயலாக இருக்கலாம். மூன்று வந்தால்தான் போக்கு தெரியும். மார்ச், ஏப்ரலைத் தவிருங்கள். ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் எந்த நேர முறையிலும் எண்கள் மோசமாகத்தான் இருக்கும், பழி மட்டும் புதிய முறையின் மேல் விழும்.

அப்புறம், நிறுத்தும் நிபந்தனையை நீங்களே எழுதுங்கள். "நடு எண் மூன்று நாளிலிருந்து உயர்ந்து நான்கு நாளைத் தாண்டி, தொடர்ந்து இரண்டு வாரம் அப்படியே இருந்தால், அடுத்த திங்கள் முதல் பழைய நேரத்துக்குத் திரும்புவோம்" என்பது போல. எங்கள் மேனேஜர் இந்த வரியைப் படித்த பிறகுதான் மேலே அனுப்பச் சம்மதித்தார். அவருடைய மேலதிகாரி கேட்டால் காட்ட அவருக்கும் ஒன்று கிடைத்தது.

முடிவை யார், எந்தத் தேதியில் எடுப்பார் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும். 10வது வார முடிவில் எண்களை அனுப்புகிறோம், 12வது வார வியாழக்கிழமை மீட்டிங் என்று எழுதி, அனுமதி கிடைத்த அன்றே காலண்டர் அழைப்பையும் அனுப்பிவிடுங்கள். தேதி இல்லாத சோதனை அப்படியே இழுத்துக்கொண்டு போகும். நடுவில் மேனேஜர் மாறினால், புதியவர் கேட்கும்போது கையில் காட்ட எதுவும் இருக்காது.