சான்றிதழ் தொலைந்ததா, திரும்பிப் போனதா?

கேள்வி: 2021-ல் பி.காம். முடித்தேன். பட்டச் சான்றிதழுக்குப் போன அக்டோபரில் ஆன்லைனில் பணம் கட்டி, அப்போது குடியிருந்த குரோம்பேட்டை வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்தேன். டிசம்பரில் கோவைக்கு வந்துவிட்டேன். ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டதாக இணையதளம் காட்டுகிறது, எனக்கு வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நான்கு முறை அலைந்தும் எரிந்துதான் விழுகிறார்கள். போலீஸில் சான்று வாங்கி டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். வேலையில் சான்றிதழ் சரிபார்ப்பு நெருங்குகிறது. நுகர்வோர் நீதிமன்றத்தில் ஐந்து லட்சம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. தேர்வு நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, முடிவு வெளியிடுவது, சான்றிதழ் வழங்குவது எல்லாம் சட்டப்படியான ஒரே பணியின் படிகள், அது நுகர்வோர் சட்டம் சொல்லும் 'சேவை' ஆகாது என்று பீகார் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. எரிந்து விழுந்ததற்கெல்லாம் சட்டத்தில் மருந்து இல்லை, விடுங்கள்.

தபாலில் அனுப்பும்படி கேட்டதும் நீங்கள், முகவரி கொடுத்ததும் நீங்கள். பெறுபவர் கேட்டுக்கொண்டபடி தபாலில் போட்டால் தபால் துறை பெறுபவரின் ஏஜெண்ட், அதனிடம் கொடுத்தாலே அவரிடம் கொடுத்த மாதிரி என்பது 1954-ல் ஓகலே கிளாஸ் ஒர்க்ஸ் வழக்கில் வந்த கொள்கை. அது காசோலை பற்றிய வழக்கு. ஆனால் பல்கலைக்கழக வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான். தபால் துறை மீது பாயலாம் என்றால் 2023-ம் ஆண்டு அஞ்சல் சட்டமும் அதன் பொறுப்பை ஒரு சிறு எல்லைக்குள் கட்டிவிட்டது.

ஆக, முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கவர் இப்போது எங்கே? ஸ்பீட் போஸ்ட் எண்ணை வாங்கினீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எண்ணைத் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். அனுப்பிய தேதி, எண், கவர் திரும்பி வந்ததா, வந்திருந்தால் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்குப் போன கவர் பெரும்பாலும் அனுப்பியவருக்கே திரும்பும். அப்படித் திரும்பியிருந்தால் உங்கள் அசல் அவர்கள் அலமாரியில் தூங்குகிறது. டூப்ளிகேட்டே தேவையில்லை, மறு அனுப்புதல் கட்டணம் கேட்டால் அதைக் கட்டினால் போதும்.

இதைப் பார்க்காமல் போலீஸ் சான்றுக்கு ஓடுவதில்தான் கட்சிக்காரர்கள் மாட்டுகிறார்கள். ஸ்டேஷன் வாசலில் டைப் அடிப்பவரிடம் ஒரு வாசகம் தயாராக இருக்கும்: 'பேருந்தில் பயணம் செய்தபோது எனது சான்றிதழ் தவறிவிட்டது.' என்னிடம் வந்த ஒருவர் அதில் கையெழுத்துப் போட்டார், நோட்டரி பிரமாணப் பத்திரத்திலும் அதையே எழுதினார். டூப்ளிகேட்டும் வந்தது. ஏழு மாதம் கழித்து அசல் கவர் பிரிக்கப்படாமலே பல்கலைக்கழகத்தின் தபால் பிரிவில் கிடைத்தது. கைக்கே வராத சான்றிதழ் பஸ்ஸில் எப்படித் தொலைந்தது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. டூப்ளிகேட்டை நிறுத்திவைத்தார்கள். அவருடைய நிறுவனம் சரிபார்ப்புக்கு எழுதியபோது 'விசாரணையில் உள்ளது' என்று பதில் போனது. அரசு ஊழியரிடம் தெரிந்தே பொய்த் தகவல் தருவது பாரதிய நியாய சன்ஹிதா 217-ம் பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. வழக்கு வரவில்லை, ஆனால் வேலை போயிற்று.

கவர் டெலிவரி ஆனதாகக் காட்டினால் குரோம்பேட்டையில் வினியோகித்த தபால் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்று கேளுங்கள். வீட்டுக்காரரோ புதிதாகக் குடிவந்தவரோ வாங்கி வைத்திருப்பதும் நடக்கும். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் போலீஸுக்குப் போங்கள். மனுவில் 'தொலைத்துவிட்டேன்' என்று எழுதாதீர்கள். 'இந்தத் தேதியில் இந்த எண்ணில் அனுப்பியதாகச் சொல்லப்படும் சான்றிதழ் எனக்கு வந்து சேரவில்லை' என்று எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று பிறகு. டைப் அடிப்பவர் 'சார், வழக்கமா இப்படித்தான்' என்பார். அவருக்கு என்ன, கையெழுத்து உங்களுடையது.

இந்த நிலை வந்தால் டூப்ளிகேட் கட்டணத்தைக் கட்டி முடித்துவிடுங்கள். யார் தவறு என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் போட ஆகும் செலவில் நாலைந்து டூப்ளிகேட் வாங்கலாம். பிறகு என்றாவது அசல் கிடைத்தால் மறைத்து வைக்காமல் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் தெரிவித்து இரண்டில் ஒன்றை ஒப்படைத்துவிடுங்கள்.

சரிபார்ப்புக்கு டிஜிலாக்கரில் உங்கள் பட்டம் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல்கலைக்கழகமே ஏற்றிய ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதி இருக்கிறது. இல்லையென்றால் தற்காலிகச் சான்றிதழோடு தகவல் உரிமை மனுவின் நகலையும் வைத்து நிறுவனத்திடம் அவகாசம் கேளுங்கள். மறுபடி அனுப்பச் சொல்லும்போது வாடகை வீட்டைக் கொடுக்காமல், பகலில் ஆள் இருக்கும் பெற்றோர் வீட்டு முகவரியைக் கொடுங்கள். நேரில் வாங்க வழியிருந்தால் அதைவிட நல்லது.