கார் கடனை முடிக்கிறேன். எந்தக் கடிதத்தை, எப்போது கேட்பது?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் கோயம்புத்தூர்க்காரன், தென்னாப்பிரிக்காவில் மிட்ராண்டில் ஐ.டி. வேலை. 2,38,000 ரேண்டுக்கு ஆறு வருஷக் கடனில் கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. வட்டி 11.75%, மாதம் 4,600 சொச்சம், ஒன்றாம் தேதி டெபிட் ஆர்டர். ஏப்ரலில் ஊருக்கே திரும்புகிறோம், அதற்குள் கடனை அடைத்து காரை விற்க வேண்டும். வங்கிக்கு போன் செய்து ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மென்ட் கேட்டேன். அவர்கள் என்னை வசூல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்! நோ டியூஸ் சர்டிஃபிகேட் என்றாலும் புரியவில்லை. இங்கே எப்படிக் கேட்பது? ஆப்பில் காட்டும் 1,83,700 ரேண்டைக் கட்டினால் போதுமா?

பதில்: உங்களை வசூல் பிரிவுக்கு மாற்றியதில் வங்கியில் போனை எடுத்தவரின் தப்பு ஒன்றுமில்லை. நம்மூரில் ஃபோர்க்ளோஷர் என்றால் கடனை முன்கூட்டியே அடைப்பது. இங்கே அந்தச் சொல்லைக் கேட்டால், தவணை கட்டாதவரின் வீட்டை வங்கி எடுத்து ஏலம் விடுவதுதான் நினைவுக்கு வரும். நீங்கள் கேட்க வேண்டியது செட்டில்மென்ட் லெட்டர். சிலர் செட்டில்மென்ட் கோட்டேஷன் என்பார்கள். கடைசியில், நோ டியூஸ் சர்டிஃபிகேட்டுக்குப் பதிலாக வாங்க வேண்டியது பெய்ட்-அப் லெட்டர். இந்த இரண்டு பெயரைச் சொன்னால் யாரும் உங்களை வசூல் பிரிவுக்கு அனுப்ப மாட்டார்கள்.

ஆப்பில் காட்டும் 1,83,700 போதாது. அது பெரும்பாலும் கடைசித் தவணை விழுந்த அன்றைய இருப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, மாதக் கடைசியில்தான் அது கணக்கில் ஏறும். உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1,83,700-க்கு 11.75% என்றால் வருஷத்துக்கு 21,584.75 ரேண்ட். 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 59.14. பிப்ரவரி 12 அன்று அடைக்கிறீர்கள் என்றால் ஒன்றாம் தேதியிலிருந்து 11 நாள் வட்டி 650.54. மாதச் சேவைக் கட்டணம் 69 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,84,419.54. ஆப்பில் பார்த்ததைவிட 720 ரேண்ட் அதிகம். இந்த வித்தியாசத்தைக் கட்டாமல் விட்டால் கடன் முடியாது, சின்னக் கடனாக உயிரோடு இருக்கும்.

அதனால்தான் கடிதத்தில் தேதி முக்கியம். தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, நீங்கள் குறிப்பிடும் ஒரு தேதிக்கான அடைவுத் தொகையைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. கடன் கொடுத்தவர் அதைக் கட்டணம் இல்லாமல், ஐந்து வேலை நாட்களுக்குள் தர வேண்டும். தந்த பிறகு அந்தத் தொகை ஐந்து வேலை நாட்களுக்கு அவர்களைக் கட்டுப்படுத்தும். ஆனால் நடுவில் கணக்கில் ஏதாவது வரவோ பற்றோ விழுந்தால் தொகை மாறும். ஆகவே பொத்தாம்பொதுவாக ‘எவ்வளவு பாக்கி’ என்று கேட்காமல், மின்னஞ்சலில் கடன் கணக்கு எண்ணைப் போட்டு, பிப்ரவரி 12 அன்று முழுவதும் அடைப்பதற்கான தொகை வேண்டும், ஒரு நாள் தாமதமானால் கூடும் வட்டியையும் குறிப்பிடுங்கள் என்று எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்ன தொகையை நம்பிப் பணம் போடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்தச் சட்டத்தின்படி எந்தக் கடனையும் எப்போது வேண்டுமானாலும் அடைக்கலாம். வாங்கிய கடன் 2,50,000 ரேண்டுக்குள் இருந்தால், அசல், அதுவரை சேர்ந்த வட்டி, கட்டணங்கள் தவிர வேறொன்றும் கேட்க முடியாது. உங்களுடையது 2,38,000. இன்னும் பதின்மூன்றாயிரம் கூட வாங்கியிருந்தால் அது ‘பெரிய கடன்’ ஆகியிருக்கும். அப்போது மூன்று மாத வட்டி வரை முன்முடிவுக் கட்டணமாகப் போட அவர்களுக்கு இடம் உண்டு. மூன்று மாதம் முன்னதாகவே எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் அதுவும் இல்லாமல் போகும். உங்கள் செட்டில்மென்ட் லெட்டரில் அப்படி ஒரு கட்டணம் இருந்தால், சட்டத்தைக் காட்டிக் கேளுங்கள். வீட்டுக் கடன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சட்டப்படி பெரிய கடன்தான். அதனால்தான் இங்கே வீடு விற்பவர்கள் மூன்று மாதம் முன்னாலேயே பாண்டை, அதாவது வீட்டின் மேலுள்ள அடமானத்தை, ரத்து செய்கிறோம் என்று வங்கிக்கு எழுதிவிடுகிறார்கள்.

சரி, கடிதம் வந்துவிட்டது. இப்போதுதான் பலர் வழுக்கி விழுகிற இடம். எனக்கே நடந்தது, பத்து வருஷத்துக்கு முன்னால். கடிதத்தில் போட்ட கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு வேறொரு வங்கியிலிருந்து பணம் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பணம் திங்கட்கிழமைதான் ஏறியது. மூன்று நாள் வட்டி, நாற்பது ரேண்ட் கூட இல்லை. அது கணக்கில் தங்கி, தவணை பாக்கி என்று கடன் பதிவில் ஏறி, எட்டு மாதம் கழித்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நாற்பது ரேண்டுக்கு ஒரு மாதம் கடிதம் எழுதினேன்.

அதனால் காலையிலேயே, வார நாளில் அனுப்புங்கள். உங்கள் ஆப்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று வரம்பு இருக்கும். 1,84,000 அதைத் தாண்டக்கூடும், முந்தின நாளே வரம்பைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸ் இடத்தில் உங்கள் பெயர் வேண்டாம், கடன் கணக்கு எண்ணைப் போடுங்கள். இன்னொன்று: மின்னஞ்சலில் வந்த பி.டி.எஃப்-இல் இருக்கும் வங்கிக் கணக்கு விவரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மின்னஞ்சலை இடைமறித்துக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பும் மோசடி இங்கே சர்வ சாதாரணம். ஆப்பிலோ, நீங்களே தேடி எடுத்த எண்ணில் போன் செய்தோ ஒருமுறை சரிபாருங்கள். முடிந்தால் ஒரு ஐந்து பத்து ரேண்ட் கூடவே அனுப்புங்கள். மிச்சத்தைத் திருப்பி வாங்கிவிடலாம், குறைவைத்தான் துரத்த வேண்டியிருக்கும்.

தேதியை ஏன் 12 என்று சொன்னேன் என்றால், டெபிட் ஆர்டர் ஒன்றாம் தேதி. அதை வங்கி சில நாட்களுக்கு முன்பே வரிசையில் ஏற்றிவிடும். 27, 28-இல் அடைத்தால் கடனும் முடியும், ஒன்றாம் தேதி தவணையும் பிடிக்கப்படும். திருப்பித் தருவார்கள்தான், ஆனால் நீங்கள் நாட்டைவிட்டுப் போகும் அவசரத்தில் அது தேவையில்லாத தலைவலி. கடனோடு ஆயுள் காப்பீடு தனியாகப் பிடிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். கடன் முடிந்ததாலேயே அது தானாக நிற்கும் என்று நினைக்க வேண்டாம், எழுதி நிறுத்த வேண்டியிருக்கும்.

பெய்ட்-அப் லெட்டரைப் பணம் அனுப்பிய அன்றே கேட்காதீர்கள். கணக்கில் சைபர் தெரிந்த பிறகு கேளுங்கள். அதில் உங்கள் கணக்கு எண், காரின் சேசிஸ் எண், அடைத்த தேதி, இனிமேல் ஒன்றும் பாக்கி இல்லை என்ற வாசகம் எல்லாம் இருக்க வேண்டும். ‘உங்கள் கணக்கு மூடப்பட்டது’ என்று மட்டும் ஒரு வரி அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். மூடுவது வேறு, பாக்கி இல்லை என்பது வேறு. பாக்கியைத் தள்ளுபடி செய்தும் கணக்கை மூடலாம் அல்லவா? தவிர இங்குள்ள கடன் வரலாறு ஊரில் சிபிலில் தெரியாது. நீங்கள் ஒழுங்காக அடைத்தீர்கள் என்பதற்கு இந்தக் காகிதம்தான் உங்களிடம் இருக்கும்.

ஆனால் உங்கள் காரை விற்க இந்தக் கடிதம் போதாது. நம்மூரில் ஆர்.சி-யில் ஹைப்பாத்திகேஷன் நீக்குவது போல இங்கேயும் ஒரு வேலை உண்டு. நேட்டிஸ் என்ற தேசிய வாகனப் பதிவு அமைப்பு தரும் பதிவுச் சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கும்: ஓனர் நீங்கள், டைட்டில் ஹோல்டர் வங்கி. கடன் முடிந்ததும் வங்கி அந்த அசல் சான்றிதழை விடுவிக்கும். அதை எடுத்துக்கொண்டு வாகனப் பதிவு அலுவலகத்தில் உங்களையே டைட்டில் ஹோல்டராக மாற்ற வேண்டும். கார் உங்கள் பெயரில் இருப்பதால், வெளிநாட்டவருக்குத் தரும் டிராஃபிக் ரெஜிஸ்டர் எண் ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள், பாஸ்போர்ட்டோடு அதையும் எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ் எந்த விலாசத்துக்குப் போகிறது என்று பெய்ட்-அப் லெட்டர் கேட்கும் அதே மின்னஞ்சலில் உறுதி செய்துவிடுங்கள். பழைய வீட்டு விலாசத்துக்குக் கூரியர் போய், வாரக்கணக்கில் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழ் கைக்கு வராமல் தெரிந்தவர் பணம் கொடுத்தாலும் காரைப் பெயர் மாற்றிக் கொடுக்க முடியாது. மார்ச் நடுவில் விற்கப் பார்க்கிறீர்கள் என்றால் பிப்ரவரி 12-க்கு மேல் தள்ளவே கூடாது.

வங்கி இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய புகார்ப் பிரிவில் எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். அப்புறமும் நகரவில்லை என்றால் 2024 மார்ச்சில் தொடங்கிய நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்புட் ஸ்கீம் என்ற குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. கடன் பதிவு அறிக்கையும் வருஷத்துக்கு ஒருமுறை இலவசம். ஏப்ரலில் கிளம்பும் முன் ஒன்று எடுத்து, கார் கடன் அடைக்கப்பட்டது என்று காட்டுகிறதா பாருங்கள்.

சம்பளக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூட வேண்டாம். கூடுதலாகக் கட்டிய பணமும், தப்பாகப் பிடித்த தவணையும் திரும்பி வர வேண்டிய இடம் அதுதான். மார்ச் 1 கடந்து, அன்று எதுவும் பிடிக்கப்படவில்லை என்று பார்த்த பிறகு மூடுங்கள்.