இரண்டு டோன் சோதனை: அந்த −65 யாருடையது? ஐபி3 கேள்வி பதில்

கேள்வி: சார், கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் செய்தோம். 100, 101 மெகாஹெர்ட்ஸ் இரண்டு டோன், உள்ளே தலா −20 டிபிஎம். வெளியே தலா −5. 99-இலும் 102-இலும் −65 தெரிகிறது. ஐபி3 எவ்வளவு? நண்பன் இரண்டு டோனையும் சேர்த்து −2 என்று எடுத்தான், அவனுக்கு வேறு விடை வருகிறது.

பதில்: ஐபி3 என்பது டோன்களும், அவை கலந்து 99-இலும் 102-இலும் பிறக்கும் கோடுகளும் சம அளவில் சந்திக்கும் கற்பனைப் புள்ளி. அதற்கு ஒரு டோனின் அளவைத்தான் எடுக்க வேண்டும். −5-க்கும் −65-க்கும் இடைவெளி 60. அதில் பாதி 30.

`OIP3 = Pout + Δ/2 = −5 + 30 = +25 dBm`

கெயின் 15 டெசிபெல் என்பதால் உள்ளீட்டுப் பக்க ஐபி3 +10. உங்கள் நண்பர் −2 என்று வைத்தால் இடைவெளி 63 ஆகி, விடை +29.5 வரும். அளந்தது ஒன்றே, ஆனால் 4.5 டெசிபெல் இனாமாகக் கிடைத்துவிடுகிறது.

பாதி எடுப்பது ஏன் என்று கேட்டால்: உள்ளீட்டை 1 டெசிபெல் ஏற்றினால் டோன்கள் 1 ஏறும், 99-உம் 102-உம் 3 ஏறும். அதாவது ஒவ்வொரு டெசிபெல்லுக்கும் இடைவெளி 2 சுருங்கும். 60-ஐ மூட 30 ஏற வேண்டும். இந்தச் சந்திப்பு காகிதத்தில் மட்டுமே நடக்கும். ஆம்ப்ளிஃபயர் அதற்கு வெகு முன்பே அமுங்கத் தொடங்கிவிடும்.

ஆனால் +25 என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். ஸ்பெக்ட்ரம் அனலைசரின் உள் அட்டெனுவேட்டர் எதில் இருந்தது? அனலைசருக்குச் சொல்லியிருக்கும் ஐபி3 எவ்வளவு?

கேள்வி: அட்டெனுவேட்டர் ஆட்டோவில் 10 டெசிபெல் என்று காட்டியது. அனலைசர் மேனுவலில், அட்டெனுவேஷன் இல்லாதபோது +15 டிபிஎம் என்று போட்டிருக்கிறது. ஆனால் நாங்கள் அளப்பது ஆம்ப்ளிஃபயரைத்தானே சார்?

பதில்: அனலைசருக்குள் இருக்கும் மிக்சரும் நேர்கோட்டில் நடக்காத ஒரு சாதனம்தான். உங்கள் −5 டோன்கள் 10 டெசிபெல் கழிந்து அதன் வாசலில் தலா −15-ஆகப் போய் நிற்கின்றன. அதன் ஐபி3 +15. இரண்டுக்கும் நடுவே 30, இருமடங்கு 60. ஆக, ஆம்ப்ளிஃபயரில் துளிகூடப் பிழை இல்லாவிட்டாலும் உங்கள் அனலைசர் தானாகவே 60 டெசிபெல் கீழே, அதே 99-இலும் 102-இலும் ஒரு கோடு போடும். நீங்கள் பார்த்ததும் அதே 60!

இனி சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் வருவதால் மின்னழுத்தமாகக் கூடும், ஃபேஸைப் பொறுத்து. சம அளவில் ஒரே ஃபேஸில் இருந்தால் 6 டெசிபெல் உயரும், எதிர் ஃபேஸில் இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். திரையில் 60 தெரிகிறது என்றால் ஆம்ப்ளிஃபயரின் உண்மையான இடைவெளி 54-ஆகவும் இருக்கலாம், 60-க்கு எவ்வளவோ மேலாகவும் இருக்கலாம். 54 என்றால் உங்கள் ஐபி3 வெறும் +22. நம்ப முடியாத அளவுக்கு நல்ல ஐபி3 கிடைத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த எதிர் ஃபேஸைத்தான்.

அட்டெனுவேட்டரை 30-க்கு ஏற்றுங்கள். மிக்சரில் டோன் −35, அனலைசரின் சொந்தக் கோடு 100 டெசிபெல் கீழே போய்விடும். திரையின் தரை இரைச்சல் 20 டெசிபெல் ஏறும். ரிசொல்யூஷன் பேண்ட்விட்த்தை 1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து அதை மீண்டும் இறக்குங்கள். அப்புறம் இன்னொரு 10 ஏற்றிப் பாருங்கள். 99-இல் அளவு அசையவில்லை என்றால் அது அனலைசருடையது இல்லை.

கேள்வி: இவ்வளவு சுற்ற வேண்டுமா? நான் கம்பைனருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே 3 டெசிபெல் பேட் ஒன்று செருகுவேன். கோடு 9 குறைந்தால் ஆம்ப்ளிஃபயர். பல வருடமாக இதுதான் என் வழக்கம்.

பதில்: நல்ல வழக்கம், ஆனால் பாதி வேலைதான் செய்கிறது. கோடு ஜெனரேட்டர் பக்கம் பிறந்ததென்றால், பேட் அதையும் மற்ற சிக்னல்களைப் போலவே 3 மட்டும் குறைக்கும். அதைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அனலைசரில் பிறக்கும் கோடும் 9-தான் குறையும், அதன் வாசலிலும் டோன்கள் 3 குறைகின்றனவே. ஆகவே உங்கள் பேட்டால் ஆம்ப்ளிஃபயரையும் அனலைசரையும் பிரிக்க முடியாது. இதையும் செய்யுங்கள், அட்டெனுவேட்டர் சோதனையையும் செய்யுங்கள்.

ஜெனரேட்டர் பக்கம் ஏன் பிறக்கிறது என்றால், ஒன்றின் சிக்னல் கம்பைனர் வழியாகக் கசிந்து மற்றதன் கடைசி நிலைக்குள் நுழைகிறது, அங்கேயே கலக்கிறது. ஒவ்வொரு ஜெனரேட்டரின் வாயிலும் 10 டெசிபெல் பேட் வையுங்கள். வில்கின்சன் கம்பைனராக இருந்தால் அதன் பொது முனைக்குப் பின்னும் ஒன்று வையுங்கள். அந்த முனையில் மேட்சிங் கெட்டால் கம்பைனரின் ஐசொலேஷனும் போய்விடும், பலர் இதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: எனக்கு 200 மெகாஹெர்ட்ஸில் பெரிய ஹார்மோனிக் வந்தது. வெளியே லோ பாஸ் ஃபில்டர் போட்டதும் மறைந்துவிட்டது. இப்போது என் ஐபி3 நன்றாகிவிட்டது இல்லையா?

பதில்: இல்லை, அது இரண்டாம் படி விஷயம். 200, 201, 202 எல்லாம் தொலைவில் இருப்பதால் ஃபில்டருக்கு எளிது. 99-உம் 102-உம் உங்கள் சிக்னலின் பக்கத்து வீட்டில் இருக்கின்றன, அந்த ஃபில்டர் அவற்றைத் தொடவே தொடாது.

கேள்வி: நீங்கள் சொன்ன எல்லாச் சோதனையும் செய்தேன். ஆனாலும் 102-இல் வருவது 99-ஐவிட 4 டெசிபெல் அதிகம். எதை வைத்து ஐபி3 எழுதுவது?

பதில்: மோசமானதை வைத்து, அதாவது 102-ஐ வைத்து எழுதுங்கள். ஆனால் காரணத்தையும் தேடலாம். இரண்டு டோன்களின் வித்தியாசமான 1 மெகாஹெர்ட்ஸும் ஆம்ப்ளிஃபயருக்குள் பிறக்கிறது. பயஸ் லைனில் டிகப்ளிங் கெபாசிட்டர் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் போதுமானதாக இருந்தால், 1 மெகாஹெர்ட்ஸில் அந்த லைன் ஆடும். அந்த ஆட்டம் டோன்களோடு மறுபடி கலந்து 99-இலும் 102-இலும் வந்து விழும், ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் கழித்தும். டோன் இடைவெளியை 100 கிலோஹெர்ட்ஸ், 5 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். அந்த 4-உம் மாறினால் சந்தேகம் பயஸ் மேல்தான்.

கேள்வி: மாறியது! 1 மைக்ரோஃபாரட் சேர்த்தேன், 4 என்பது 1.5 ஆனது. மீதி எங்கிருந்து வருகிறது?

பதில்: முதல் குற்றவாளி சிக்கிவிட்டது. மீதி 1.5, ஜெனரேட்டர் பக்கத்தின் மிச்சம் இரு பக்கமும் வேறு ஃபேஸில் சேர்வதாலும் வரலாம், ஆம்ப்ளிஃபயரின் சொந்தக் குணமாகவும் இருக்கலாம். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு, கேபிளை நேரே இணைத்து, தரையில் என்ன மிஞ்சுகிறது என்று அளந்து போடுங்கள். அந்த எண் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: டேட்டாஷீட்டில் வெளியீட்டு ஐபி3 +30 என்று இருக்கிறது. +25 வரை எடுக்கலாம் அல்லவா?

பதில்: முடியாது. 1 டெசிபெல் அமுங்கும் புள்ளி பெரும்பாலும் ஐபி3-க்குச் சுமார் 10 கீழே இருக்கும், அதாவது +20 பக்கம். அதுவும் தோராயம்தான், அந்தப் புள்ளி டேட்டாஷீட்டில் தனியே இருக்கும், அதைப் பாருங்கள். ஐபி3-ஐ வைத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எனக்கு எத்தனை டெசிபெல் சுத்தம் வேண்டும்? 70 வேண்டுமென்றால் அதில் பாதி 35, ஐபி3-க்கு அவ்வளவு கீழே நில்லுங்கள். உங்கள் பார்ட்டுக்கு அது டோன் ஒன்றுக்கு −5 டிபிஎம்.