அம்மா கைப்பட எழுதிய மரணசாதனம்: இரண்டு சாட்சிகள் போதுமா?

கேள்வி: கொக்குவிலில் வசிக்கும் என் அம்மாவுக்கு 76 வயது. அப்பா இல்லை. தனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டையும் 3 பரப்புக் காணியையும் எனக்கென்று ஒரு கொப்பித் தாளில் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அன்று மாலையும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மறுநாளும் சாட்சியாகக் கையொப்பமிட்டார்கள். கையெழுத்துக்குக் கீழே, நகைகள் தங்கைக்கு என்று பிறகு ஒரு வரி சேர்த்திருக்கிறார். கைப்பட எழுதினால் சாட்சியே வேண்டாம் என்கிறார் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா. தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றில் இரண்டு சாட்சி போதும் என்றார்கள். எது சரி?

பதில்: சகோதரி, அந்தத் தாள் இப்போது இருக்கும் நிலையில் செல்லாது. அம்மா நலமாக இருக்கும்போதே கேட்டுவிட்டீர்கள் என்பதால் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

அண்ணா சொல்வதும் காணொளியில் சொன்னதும் அந்தந்த இடத்துக்குச் சரி. ஒன்ராறியோவில் முழுவதும் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட மரணசாதனம் சாட்சி இல்லாமலே செல்லும். இந்தியாவில் 1925ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் போதும். அவர்கள் வெவ்வேறு நேரத்திலும் கையொப்பமிடலாம். ஆனால் உங்கள் காணி கொக்குவிலில் இருக்கிறது. காணி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதற்குப் பேசும்.

இலங்கையில் அடிப்படையாக இருப்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். அது இரண்டு வழிகளை வைத்தது. ஒன்று, பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க, எழுதியவர் ஆவணத்தின் இறுதியில் கையொப்பமிடுவது. மற்றது, நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் ஒரே நேரத்தில் கூடியிருந்து, எழுதியவர் முன்னிலையிலேயே தாங்களும் கையொப்பமிடுவது. கைப்பட எழுதியதா, தட்டச்சில் அடித்ததா என்பது இங்கே கணக்கில்லை. யார் முன்னிலையில் கையொப்பமானது என்பதே கேள்வி.

இனி அம்மாவின் தாளைப் பாருங்கள். நொத்தாரிசு இல்லை; ஐந்து பேருக்குப் பதில் இரண்டு பேர்; அந்த இருவரும் சேர்ந்து இருக்கவுமில்லை. இன்னும் மூன்று பேரைத் தேடி இப்போது கையொப்பம் வாங்கினாலும் குறை தீராது, ஏனென்றால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அம்மாவுடன் கூடியிருக்கவில்லை. நகை பற்றிய வரியோ கையொப்பத்துக்குக் கீழே நிற்கிறது. கையொப்பம் தனக்கு மேலே உள்ளதையே உறுதிப்படுத்தும். இந்தத் தாளை மட்டும் நம்பி இருந்தால், அம்மாவின் காலத்துக்குப் பிறகு சொத்து தேசவழமைப்படி பிள்ளைகள் மூவருக்குமாகப் பிரியும்.

இத்தனை பேர் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். உறுதி முடித்தவர் உயிரோடு இருந்தால் நீதிமன்றத்துக்கு வந்து பேசுவார். மரணசாதனம் வாசிக்கப்படும் நாளில் அதை எழுதியவர் இருக்கமாட்டார். எழுத்து அம்மாவுடையதுதான் என்று கையெழுத்து நிபுணர் சொல்லிவிடுவார். ஆனால் அன்று அம்மா தெளிவாக இருந்தாரா, யாராவது பக்கத்தில் நின்று நெருக்கினார்களா, வாசித்துப் பார்த்தாரா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதை அந்த அறையில் இருந்தவர்கள்தான் சொல்ல முடியும். ஒரே நேரத்தில் இருக்கவேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம்: எல்லோரும் பார்த்தது ஒரே நிகழ்வாக இருக்கவேண்டும். நொத்தாரிசு சட்டப் பொறுப்புள்ளவர். அவர் இல்லாத இடத்தில் ஐந்து கண்கண்ட சாட்சிகள் கேட்கப்பட்டது அதனால்தான்.

நீங்கள் செய்யவேண்டியது, அம்மாவை ஒரு நொத்தாரிசிடம் அழைத்துப்போவது. காணி உறுதியும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். முன்பு எழுதியவற்றை இரத்துச் செய்யும் வாசகமும் நகை பற்றிய விருப்பமும் புதிய மரணசாதனத்துக்குள்ளேயே வரட்டும். வயதைப் பார்த்து, அந்த நாட்களில் மருத்துவர் ஒருவரிடம் அம்மாவின் மனத்தெளிவு பற்றிக் கடிதம் வாங்கி வைப்பது நல்லது. சாட்சிகள் இருவரும் சொத்தில் எதுவும் பெறாதவர்களாக இருக்கவேண்டும். நீங்களோ உங்கள் கணவரோ சாட்சியானால் உங்களுக்கு எழுதியதே பறிபோகும். அம்மாவைவிட வயதில் இளையவர்களாக, ஊரிலேயே இருக்கப்போகிறவர்களாகப் பாருங்கள். விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளையைச் சாட்சியாக்கிவிட்டுப் பிறகு நீதிமன்றத்துக்கு அவரைத் தேடுவது பெரிய பாடு.

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். அம்மா தன் விருப்பத்தைச் சொல்லும்போது நீங்கள் வெளியே இருங்கள். பெரும்பங்கு பெறுபவரே எழுதுவிப்பதில் முன்னின்றால் நீதிமன்றம் சந்தேகத்தோடு பார்க்கும்; அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சுமை உங்கள் தலையில் விழும். நாளை அண்ணாவோ தங்கையோ வழக்காடினால், நொத்தாரிசு “அம்மா தனியாக இருந்துதான் சொன்னார்” என்று சாட்சி சொல்ல முடியவேண்டும். புதியது கையொப்பமாகும்வரை கொப்பித் தாளைக் கிழிக்கவேண்டாம். அம்மா என்ன சொல்ல விரும்பினார் என்பதை நொத்தாரிசுக்கு விளக்க அது உதவும்.