கட்டணக் குறையைச் சொல்லுங்கள், கண்ணீரை அல்ல

கேள்வி: நெல்லையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சுமை தூக்குகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். கட்டணமும் பேருந்துமாக ஆண்டுக்கு 78,000 ரூபாய் ஆகிறது. வட்டி கட்டியதுபோக வீட்டிலிருந்து 30,000, நான் டியூஷன் எடுத்து 12,000 தர முடியும். சென்ற ஆண்டு குறைந்த 36,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினோம். இந்த முறை ஓர் அறக்கட்டளைக்கு எழுதுகிறேன். 'தங்களைத் தெய்வமாக நினைத்துக் கெஞ்சுகிறேன்' என்று தமிழில் எழுதிவிட்டேன், கடனைப் பற்றிச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எப்படி மாற்றுவது? ஆப்பில் கடன் எடுத்துவிடு என்கிறார் சித்தப்பா.

பதில்: உங்கள் மடலில் கண்ணீர் இருக்கிறது, தொகை இல்லை. படிப்பவருக்கு வேண்டியது தொகைதான். வருமானம், மொத்தச் செலவு, உங்களால் முடிந்தது, குறைவது என்ற வரிசையில் நான்கு வாக்கியங்கள் எழுதினால் ஏழ்மை என்ற சொல்லே தேவைப்படாது. 'மை ஃபேமிலி அண்ட் ஐ கேன் பே 42,000 ருபீஸ். ஐ ரெக்வெஸ்ட் சப்போர்ட் ஃபார் தி ரிமெய்னிங் 36,000' என்பது போதுமான ஆங்கிலம். தெய்வம், கெஞ்சுதல், உயிருள்ளவரை நன்றி ஆகியவற்றை மொழிபெயர்க்க முயல வேண்டாம். அந்த இடத்தில், ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை அனுப்புவதாக எழுதுங்கள்.

நீங்கள் வெட்கப்பட்டு மறைத்த கடன்தான் உங்கள் தேவைக்கு வலுவான சான்று. 36,000 ரூபாய்க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 1,080, ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000. இந்த ஆண்டும் அப்படியே வாங்கினால் இன்னொரு 13,000 வட்டி சேரும். அடுத்த ஆண்டு வீட்டின் பங்கு 30,000-லிருந்து 17,000 ஆகக் குறையும், உங்கள் பற்றாக்குறையோ 49,000 ஆகிவிடும். ஆகவே சென்ற ஆண்டின் குறையைத் தனியாரிடம் கடன் வாங்கிக் கட்டினோம், அந்தக் கடனை அடைக்க உதவி கேட்கவில்லை, மறுபடி கடன் வாங்காமல் படிப்பைத் தொடரவே கேட்கிறேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பணத்தை நேராகக் கல்லூரிக் கணக்கிலேயே செலுத்தலாம் என்றும் சேர்த்தால், அது வேறு செலவுக்குப் போய்விடுமோ என்ற ஐயம் எழாது.

இணைப்பில் கல்லூரியின் கட்டண விவரமும் வருமானச் சான்றிதழும் இருக்கட்டும். சான்றிதழில் ஒரு தொகை, மடலில் வேறொரு தொகை என்றிருந்தால் எவ்வளவு நல்ல ஆங்கிலமும் காப்பாற்றாது. வேறுபாடு இருந்தால் முதலில் இ-சேவை மையத்தில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

சித்தப்பா சொல்லும் ஆப் கடனில் பெரும்பாலும் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணமே கைக்கு வரும், அடுத்த மாதமே தவணையும் தொடங்கிவிடும். மாதத் தவணை கட்டும் வருமானம் இருக்கும் வீடு இந்த மடலை எழுதவே தேவையில்லையே! அறக்கட்டளை மறுத்தால் வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை பிணையம் கேட்பதில்லை, படிப்பு முடியும்வரை தவணையும் இல்லை. பதில் வரும்வரை கட்டணத்தை இரு தவணையாகச் செலுத்த அனுமதி கேட்டுக் கல்லூரி முதல்வரிடம் இப்போதே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.