ஐந்து மணி நேரம் பேசும் குரல்: ஒரு நெறியாளரிடம் கேள்வி பதில்

அக்கா, சனிக்கிழமை மாலை 6 முதல் 11 வரை திருமண விருந்து ஒன்றை நெறிப்படுத்துகிறேன். சென்ற முறை எட்டரை மணிக்கே தொண்டை கட்டிக்கொண்டது. என்ன செய்வது?

எனக்கும் ஒரு விருந்தில் அந்த நேரத்தில்தான் குரல் போனது. நாற்பது மேசை. உணவு பரிமாறத் தொடங்கியதும் கூடம் இரைச்சலில் மூழ்கியது. ஒலிபெருக்கிகள் எல்லாம் விருந்தினரைப் பார்த்து இருந்ததால், மேடையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தன் குரல் காதில் விழாவிட்டால் மனிதர் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துவர். லொம்பார்ட் விளைவு என்பது இதைத்தான். கையில் நல்ல மைக் இருந்தும் இரண்டு மணி நேரம் கத்தியிருக்கிறேன்.

ஆகவே 5 மணிக்கே போய் ஒலியமைப்பாளரிடம் பேசுங்கள். உங்களை நோக்கி ஒரு மானிட்டர் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் பிடியுங்கள். தூரம் பாதியானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். தொண்டைக்கு ஒரு வேலையும் இல்லை. வாக்கியங்களைச் சிறிதாக்கி, மூச்சு தீரும் முன்பே நிறுத்துங்கள். கடைசி மூச்சைப் பிழிந்து பேசும் சொற்கள்தாம் கழுத்தை இறுக்குகின்றன.

மேடையேறக் கால் மணி நேரம் இருக்கும்போது, அரை டம்ளர் தண்ணீரில் உறிஞ்சுகுழலின் நுனியை இரண்டு மூன்று செண்டிமீட்டர் அமிழ்த்தி, 'ஊ' என்று ஒலித்தபடி குமிழி விடுங்கள். தாழ்ந்த சுருதியிலிருந்து மேலே போய், மெல்ல இறங்குங்கள். ஐந்து நிமிடம் போதும். குழலின் தடையால் வாய்க்குள் எழும் அழுத்தம், குரல்நாண்கள் மோதிக்கொள்ளாமல் மெதுவாகச் சேர உதவுகிறது. கழுத்து நரம்பு புடைத்தால் மிகையாகத் தள்ளுகிறீர்கள். இடைவேளைகளிலும் ஒரு நிமிடம் செய்யுங்கள். செருமாதீர்கள், விழுங்குங்கள்.

குரல்நாணை நனைக்கத்தானே பேசும் முன் தண்ணீர் குடிக்கிறோம்? அறிவிப்புக்கு முன் ஒரு மிடறு போதும் என்பார் என் ஆசிரியர்.

மிடறு நல்லது, காரணம் வேறு. தண்ணீர் உணவுக்குழாயில் இறங்குகிறது, குரல்நாண் மூச்சுக்குழாயின் வாயிலில் இருக்கிறது. அங்கே ஒரு துளி போனாலும் இருமிவிடுவீர்கள். மிடறு வாயை நனைத்து, செருமும் ஆசையைத் தணிக்கும். நாண்களுக்கு ஈரம் உடல் வழியாகத்தான் போகிறது. அதற்குச் சில மணி நேரமாகும். காலையிலிருந்தே குடியுங்கள். வெளியே வேர்த்துக் கொட்டுவதால் நம் சிங்கப்பூரில் வறட்சி என்ற நினைப்பே வருவதில்லை. ஆனால் குளிரூட்டிய கூடத்தின் காற்று உலர்ந்தது. அதன் காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடத்தில் நிற்காதீர்கள்.

ஐஸ் தண்ணீர் குடித்தால் குரல் போய்விடும் அல்லவா? நாற்பது ஆண்டுகள் பஜனை பாடிய என் மாமியார் அதைத் தொட்டதே இல்லை.

அந்தக் குளிர்ச்சி நாணைத் தொடுவதில்லை. ஆனால் சிலருக்குத் தொண்டைத் தசைகள் இறுகுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படியானால் தவிருங்கள்.

நான் தேக்காவில் ஐஸ் மைலோ குடித்துவிட்டுத்தான் மேடையேறுகிறேன். ஒன்றும் ஆகவில்லையே!

அடுத்த முறை எத்தனை தடவை செருமுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பால் எச்சிலோடு கலந்து கெட்டியாக ஒட்டுவதுபோல் தோன்றும். இங்கே ஐஸைவிடப் பாலைத்தான் சந்தேகிக்கிறேன்.

அப்படியானால் என் மாமியார் சொன்னது பொய்யா?

இல்லை, ஐயா. அவர் குரலுக்கு எது ஒத்துவந்தது என்பதை அவர் நன்றாக அறிந்திருக்கிறார். அது எல்லாருக்கும் பொருந்துமா என்பதில்தான் நமக்குள் வேறுபாடு.

எந்தத் தொண்டை மிட்டாய் சிறந்தது?

மெந்தால் உள்ளதை மேடையில் தவிருங்கள். வலி மறைந்தால் காயத்தின் மேலேயே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

மிளகு, கற்கண்டு, அதிமதுரம்?

மிட்டாய்க் கேள்வியேதான் இதுவும். சுவைக்காகச் சிறிது போதும். அதிமதுரத்தை நாள்தோறும் அதிகமாக மெல்வது இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிக்குப் பாடிக்கொண்டே நடக்கிறோம். மைக் இல்லை.

ஒருவரே பாடாதீர்கள். இருவர் மாறிமாறி எடுத்துக் கொடுக்க, மற்றவர் திருப்பிப் பாடட்டும். உங்கள் முறை இல்லாதபோது உண்மையிலேயே வாய் மூடியிருங்கள்.

என் மகனுக்குப் பேச்சுப் போட்டித் தலைப்பு ஒன்று தாருங்கள்.

அவருடைய தமிழாசிரியரைக் கேளுங்கள்.

குரல் கட்டிய மறுநாள் கிசுகிசுத்துப் பேசலாமா?

வேண்டாம். கிசுகிசுப்பதிலும் தொண்டை இறுகும். பேசாமல் இருங்கள், பேசியே ஆகவேண்டுமானால் மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள். செருமாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன். மூன்று வாரம் கடந்தும் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ இரத்தமோ இருந்தால் அன்றே போங்கள்.